தீபாவளி நகர்ந்தால் கணக்கும் நகரும்: ஏஜென்சியின் மாத ரிப்போர்ட் உருவாகும் விதம்

காஞ்சிபுரத்தில் கடை வைத்திருக்கும் ஒரு பட்டுப்புடவை வியாபாரியை எடுத்துக்கொள்வோம். தெருவில் ஒரு கடை, இணையத்தில் ஒரு கடை. இணையக் கடைக்கான விளம்பரங்களைச் சென்னையில் உள்ள ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி பார்த்துக்கொள்கிறது. மாதா மாதம் ஏஜென்சிக்குக் கட்டணம் போகிறது. மாதா மாதம் கடைக்காரருக்கு ஒரு ரிப்போர்ட் வருகிறது. கடையும் ஏஜென்சியும் விளக்கத்துக்காக உருவாக்கியவை; கீழே வரும் விற்பனை எண்களும் அப்படியே. தேதிகளும் வேலைமுறையும் நிஜமானவை.

2025 அக்டோபருக்கான ரிப்போர்ட்டை ஏஜென்சி தயாரிக்க வேண்டும். அந்த மாதம் இணையத்தில் 18.4 லட்சம் ரூபாய்க்குப் புடவை விற்றிருக்கிறது. செப்டம்பரில் விற்றது 10.9 லட்சம். ஆக, முந்தைய மாதத்தைவிட 69 சதவீதம் வளர்ச்சி என்று ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடலாம். அது பொய்யும் அல்ல. ஆனால் கடைக்காரர் தன் கணக்கு நோட்டைப் புரட்டுகிறார். 2024 அக்டோபரில் 20.1 லட்சம். உடனே போன் செய்கிறார். "போன அக்டோபர்ல இருபது லட்சம் ஓடிச்சு. இப்ப பதினெட்டுதானா தம்பி?" 8 சதவீதத்துக்கு மேல் சரிவு. அதுவும் பொய் அல்ல.

ஒரே மாதம். ஒரு கணக்கில் 69 ஏறியிருக்கிறது, இன்னொன்றில் 8 இறங்கியிருக்கிறது. இரண்டில் எதை நம்பி அடுத்த மாதத்துக்குப் பணம் ஒதுக்குவது? எதையும் நம்பி ஒதுக்க முடியாது என்பதுதான் உண்மை. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சரிசெய்யாதவரை எந்த எண்ணும் பேசாது. நல்ல ரிப்போர்ட்டின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

கணக்கை எப்போது எடுப்பது, எங்கிருந்து எடுப்பது

மாதம் முடிந்த மறுநாள் காலையிலேயே எண்களை இறக்கி ரிப்போர்ட் போடும் பழக்கம் பல ஏஜென்சிகளில் உண்டு. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கூகுள் அனலிட்டிக்ஸில் ஒரு நாளின் கணக்கு முழுமையாக வந்துசேர ஒன்றிரண்டு நாள் ஆகலாம். கூகுள் விளம்பரக் கணக்கிலோ இன்னொரு விசேஷம்: விளம்பரத்தை 28ஆம் தேதி தொட்டவர் அடுத்த மாதம் 4ஆம் தேதி வாங்கினாலும், அந்த விற்பனை 28ஆம் தேதிக் கணக்கில்தான் ஏறும். எனவே மாதக் கடைசி நாட்களின் பலன் முதல் தேதியில் பார்க்கும்போது குறைவாகத் தெரியும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் கூடியிருக்கும்.

ஆகவே நிதானமான ஏஜென்சி நான்கு அல்லது ஐந்தாம் தேதிவரை காத்திருந்து எடுக்கும். எடுத்த தேதியையும் ரிப்போர்ட்டின் மூலையில் எழுதிவைக்கும்: "நவம்பர் 5 காலை எடுத்த கணக்கு." இந்த ஒரு வரி இருந்தால், இரண்டு வாரம் கழித்து யாராவது வேறொரு எண்ணைக் காட்டும்போது சண்டை வராது.

அடுத்தது, எந்த எண் உண்மை என்ற கேள்வி. அக்டோபரில் நம் கடைக்கு வந்த ஆர்டர்கள் 742. மெட்டா தன் விளம்பரத்தால் 390 ஆர்டர் வந்ததாகச் சொல்கிறது. கூகுள் 340 என்கிறது. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பும் சேவை 150 என்கிறது. கூட்டினால் 880. வந்ததே 742தான், அதிலும் கணிசமானவர்கள் எந்த விளம்பரத்தையும் பார்க்காமல் கடைப் பெயரைத் தேடி வந்தவர்கள்.

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் திங்களன்று இன்ஸ்டாகிராமில் விளம்பரத்தைத் தொட்டிருப்பார், புதனன்று கூகுளில் தேடி வந்திருப்பார், வெள்ளியன்று வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து வாங்கியிருப்பார். மெட்டா வழக்கமாகத் தன் விளம்பரத்தைத் தொட்ட ஏழு நாளுக்குள்ளும், வெறுமனே பார்த்த ஒரு நாளுக்குள்ளும் நடந்த விற்பனையைத் தன்னுடையது என்று எழுதிக்கொள்ளும். கூகுள் விளம்பரம் தொட்டதிலிருந்து 30 நாள்வரை எழுதிக்கொள்ளும். ஒரே கல்யாணத்துக்கு மூன்று தரகர்கள் தரகு கேட்பதுபோல.

எனவே ரிப்போர்ட்டின் தலைப்பு எண் விளம்பரக் கணக்கிலிருந்து வரக் கூடாது. கடையின் பில் கணக்கிலிருந்து வர வேண்டும். ஷாப்பிஃபையோ வேறு மென்பொருளோ, பணம் உண்மையில் வந்துசேரும் இடம்தான் மூலம். விளம்பரத் தளங்களின் எண்கள் அதற்குக் கீழே, எந்த விளம்பரம் மற்றதைவிட நன்றாக ஓடுகிறது என்று அந்தந்தத் தளத்துக்குள்ளேயே ஒப்பிட மட்டும் வர வேண்டும்.

பில் கணக்கிலும் ஒரு கழித்தல் உண்டு. 742 ஆர்டர்களில் 38 அனுப்பும் முன்பே ரத்தாகிவிட்டன. 64 பார்சல்கள் வாடிக்கையாளர் வாங்காமல் திரும்பி வந்தன. மீதி 640 ஆர்டர்கள்தான் விற்பனை, 18.4 லட்சம் என்பது அந்த 640க்கான தொகை. விளம்பரத் தளங்களோ ஆர்டர் போட்ட நொடியிலேயே விற்பனை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பார்சல் திரும்பி வந்தது அவற்றுக்குத் தெரியாது. மாதக் கடைசியில் போன பார்சல்கள் திரும்பி வர நவம்பர் நடுப்பகுதிகூட ஆகலாம் என்பதால், போன மாத எண்ணையும் இந்த மாத ரிப்போர்ட்டில் திருத்திக் காட்டுவது முறை: "செப்டம்பர் விற்பனை 11.2 லட்சம் என்று சொல்லியிருந்தோம். திரும்பி வந்தவற்றைக் கழித்தபின் 10.9 லட்சம்."

எதோடு ஒப்பிடுவது

இப்போது 69க்கும் 8க்கும் வருவோம். செப்டம்பரோடு ஒப்பிட்டால் 69 வருவதற்குக் காரணம் தீபாவளி. ஏஜென்சியின் திறமை என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. 2024 அக்டோபரோடு ஒப்பிட்டால் 8 இறங்கியதற்கும் காரணம் தீபாவளியே. 2024இல் தீபாவளி அக்டோபர் 31. அந்த அக்டோபரின் 30 நாளும் பண்டிகைக்கு முந்தைய நாட்கள். 2025இல் தீபாவளி அக்டோபர் 20. பண்டிகைக்கு முன் அந்த மாதத்தில் இருந்தவை 19 நாள்தான். மீதி 12 நாளில் பண்டிகை நாளும் அதற்குப் பிந்தைய மந்தமும். 2023இல் தீபாவளி நவம்பர் 12. அந்த ஆண்டோடு ஒப்பிட்டால் கதை இன்னொரு விதமாக மாறும்.

ஆங்கில மாதம் வாடகைக்கும் சம்பளத்துக்கும் சரி. புடவை வாங்குகிறவர்கள் அதைப் பார்த்து வாங்குவதில்லை. எனவே பண்டிகையை மையமாக வைத்து நாட்களை எண்ண வேண்டும். தீபாவளிக்கு முந்தைய 30 நாள் என்று எடுத்தால், 2025இல் அது செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 19 வரை. 2024இல் அக்டோபர் 1 முதல் 30 வரை. இந்த இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் வைத்தால்:

2024 சீசன்: 19.7 லட்சம்.
2025 சீசன்: 22.6 லட்சம்.

கிட்டத்தட்ட 15 சதவீத வளர்ச்சி. கடைக்காரர் பயந்த சரிவு நடக்கவே இல்லை. செப்டம்பர் கடைசி 11 நாளில் விற்ற 6.9 லட்சம் மாத எல்லைக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். ஆடித் தள்ளுபடி, பொங்கல், ரம்ஜான் என்று பண்டிகையை ஒட்டி ஓடும் எந்த வியாபாரத்துக்கும் இந்தச் சீரமைப்பு தேவை. ஆடியும் பொங்கலும் ஆண்டுக்கு ஆண்டு ஏறக்குறைய அதே தேதியில் வரும். ரம்ஜான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே வரும். தீபாவளி முன்னும் பின்னும் ஆடும்.

இப்படி ஒப்பிட ஓராண்டுக்கு முந்தைய விவரம் கையில் இருக்க வேண்டும். கூகுள் அனலிட்டிக்ஸின் இலவசக் கணக்கில், ஆழமாகத் தோண்டிப் பார்க்கும் பகுதிக்கான விவரங்கள் தொடக்க அமைப்பில் இரண்டு மாதம் மட்டுமே சேமிக்கப்படும். அமைப்பை மாற்றினால் 14 மாதம்வரை கிடைக்கும். மாற்றிய பிறகுதான் சேரத் தொடங்கும், போனது போனதுதான். புது வாடிக்கையாளர் வந்த முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

இத்தனை செய்தும் 15 சதவீத வளர்ச்சி என்பது பாதிக் கதை. வளர்ச்சியைக் காசு கொடுத்தும் வாங்கலாம். விளம்பரத்துக்கு எவ்வளவு போனது என்று பார்க்க வேண்டும். 2024 சீசனில் 4.1 லட்சம்; 2025 சீசனில் 4.9 லட்சம். 80,000 ரூபாய் கூடுதல்.

இந்த இடத்தில் பல ரிப்போர்ட்டுகள் "இத்துறையின் சராசரி" என்ற ஒன்றைக் கொண்டுவரும். ஆடைத் துறையில் விளம்பரச் செலவுக்கு இத்தனை மடங்கு விற்பனை வருவது சராசரி, நாம் அதற்கு மேலே இருக்கிறோம் என்று. அந்தச் சராசரியில் 400 ரூபாய் டி-ஷர்ட் விற்கிறவரும் இருப்பார், 40,000 ரூபாய் பட்டு விற்கிறவரும் இருப்பார். இந்தக் கடைக்கு அது உதவாது.

உதவும் அளவுகோல் கடைக்குள்ளேயே இருக்கிறது. நூறு ரூபாய் விற்பனையில் புடவையின் கொள்முதல் விலை, பேக்கிங், கூரியர், பணம் வாங்கித் தரும் சேவைக்கான கமிஷன் எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். நம் கடைக்கு அது 35 ரூபாய். அப்படியானால் நூறு ரூபாய் விற்பனைக்கு விளம்பரச் செலவு 35ஐத் தொட்டால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. தாண்டினால் விற்க விற்க நஷ்டம். ஏஜென்சிகள் வழக்கமாகப் பேசும் "விளம்பரச் செலவுக்கு எத்தனை மடங்கு விற்பனை" என்ற கணக்கில் சொன்னால், நூறை 35ஆல் வகுத்து வரும் 2.86 மடங்குதான் எல்லைக்கோடு. இதைக் கேட்டு வாங்காமல் ஏஜென்சி நடத்துகிறவர்கள் உண்டு. சொல்லத் தயங்கும் கடைக்காரர்களும் உண்டு. தயக்கம் இருந்தால் கொள்முதல் விவரத்தைச் சொல்ல வேண்டாம், அந்த 35 என்ற ஒற்றை எண்ணை மட்டும் சொன்னால் போதும்.

இந்த அளவுகோலை சீசன்மேல் வைத்துப் பார்ப்போம். விற்பனை 2.9 லட்சம் கூடியது. அதில் கடைக்கு மிஞ்சுவது நூற்றுக்கு 35 வீதம் 1,01,500 ரூபாய். அதைக் கொண்டுவரக் கூடுதலாகச் செலவானது 80,000. ஆக, அந்த 15 சதவீத வளர்ச்சியால் கையில் நின்றது 21,500 ரூபாய். நஷ்டம் இல்லை. ஆனால் 15 சதவீதம் என்ற எண் கிளப்பும் உற்சாகத்துக்கும் இதற்கும் தூரம் அதிகம். இந்த வரி ரிப்போர்ட்டில் இருந்தால் கடைக்காரர் ஏஜென்சியை நம்பத் தொடங்குவார்.

காரணம் சொல்லும் பகுதி

எண்கள் ஒழுங்கானபின் வருவது விவரணை: என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதனால் என்ன. இதை மென்பொருள் தானாக நிரப்பும் டேஷ்போர்டு செய்யாது. லுக்கர் ஸ்டுடியோவில் ஒரு முறை வரைபடங்களை அமைத்துவிட்டால் எண்கள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும். விற்பனை ஏன் குறைந்தது என்று வரைபடம் சொல்லாது.

காரணம் கண்டுபிடிக்க எளிய வழி, விற்பனையை மூன்றாகப் பிரிப்பது. எத்தனை பேர் கடைக்குள் வந்தார்கள், வந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் வாங்கினார்கள், வாங்கியவர் ஒருவர் சராசரியாக எவ்வளவுக்கு வாங்கினார். விற்பனை இறங்கினால் இந்த மூன்றில் ஒன்றாவது இறங்கியிருக்க வேண்டும். எது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.

நம் கடையில் அக்டோபர் 9, 10, 11 மூன்று நாளும் விற்பனை ஒரு பள்ளம் விழுந்தது. சீசன் உச்சத்தில் விழக் கூடாத பள்ளம். வருகை நாளுக்கு 2,000 என்ற வழக்கமான அளவிலேயே இருந்தது. எனவே விளம்பரம் ஆட்களைக் கொண்டுவரத்தான் செய்தது. சராசரித் தொகையும் மாறவில்லை. வாங்கியவர் விகிதம் மட்டும் 1.8 சதவீதத்திலிருந்து 1.1க்கு இறங்கியது. அதாவது நாளுக்கு 36 ஆர்டர் வர வேண்டிய இடத்தில் 22.

வந்தவர்கள் வாங்காமல் போகிறார்கள் என்றால் கோளாறு கடைக்குள். பணம் செலுத்தும் பக்கம் உடைந்ததா? விலை ஏறியதா? கூரியர் கட்டணம் கூடியதா? இங்கேதான் மாதம் முழுவதும் எழுதிவைத்த நாட்குறிப்பு கைகொடுக்கும். என்றைக்கு எந்த விளம்பரம் மாறியது, என்றைக்கு இணையதளம் படுத்தது, என்றைக்கு எந்தப் புடவை தீர்ந்தது என்று ஒரு கூகுள் ஷீட்டில் தேதியோடு ஒரு வரி. அக்டோபர் 9க்கு எதிரே இருந்தது: "மென்பட்டு, மயில்கழுத்து நிறம், ஸ்டாக் இல்லை." அதிகம் ஓடிய விளம்பரத்தில் இருந்த புடவையே அதுதான். 12ஆம் தேதி சரக்கு வந்ததும் விகிதம் பழைய இடத்துக்குத் திரும்பியது.

காரணத்தைச் சோதிக்க இது போதும். தீர்ந்த அன்று இறங்கியது, வந்த அன்று ஏறியது, வேறு எதுவும் மாறவில்லை. மூன்று நாளில் போனது 42 ஆர்டர். ரத்து, ரிட்டர்ன் எல்லாம் கழித்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் விற்பனை. இவ்வளவு தெளிவாக எல்லாக் காரணமும் அகப்படாது. மழை பெய்தது, போட்டிக் கடை தள்ளுபடி போட்டது என்பதெல்லாம் பெரும்பாலும் ஊகம். ஊகத்தை ஊகம் என்றே எழுத வேண்டும். "இதற்குக் காரணம் இது" என்பதற்கும் "இது காரணமாக இருக்கலாம், அடுத்த மாதம் இப்படிச் சரிபார்ப்போம்" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் படிப்பவர் உடனே உணர்வார்.

விவரணையில் மிகவும் கடினமான இடம், ஏஜென்சியின் வேலையே சரியில்லாமல் போன பகுதி. நம் கணக்கில் அது தீபாவளி அன்றிலிருந்து தொடங்குகிறது. அக்டோபர் மொத்தத்துக்கு விளம்பரச் செலவு 4.6 லட்சம், அதாவது நூறு ரூபாய் விற்பனைக்கு 25. எல்லைக்கோடு 35. நன்றாகவே இருக்கிறது. மாதத்தை இரண்டாக வெட்டிப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். முதல் 19 நாளில் விற்பனை 15.7 லட்சம், செலவு 3.4 லட்சம், நூற்றுக்கு 22க்கும் குறைவு. கடைசி 12 நாளில் விற்பனை 2.7 லட்சம், செலவு 1.2 லட்சம், நூற்றுக்கு 44. பண்டிகை முடிந்தும் விளம்பரம் சீசன் வேகத்தின் பாதிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த 12 நாளில் கடைக்கு மிஞ்ச வேண்டியது 94,500 ரூபாய். விளம்பரம் தின்றது 1,20,000. பள்ளம் 25,500. சீசன் வளர்ச்சியால் கையில் நின்ற 21,500ஐவிட இது அதிகம்.

சராசரிக்குப் பின்னால் இதை ஒளித்துவைக்க முடியும். ஒளித்தால் அடுத்த தீபாவளிக்கும் இதே நடக்கும். எப்படி எழுதலாம்? வழக்கமான ரிப்போர்ட் நடை இப்படி இருக்கும்:

"அக்டோபரில் விற்பனை 69 சதவீதம் உயர்ந்து சிறப்பான செயல்பாடு பதிவாகியுள்ளது. பண்டிகைக்குப் பிந்தைய காலத்தில் சந்தை மந்தம் காரணமாகச் செயல்திறன் சற்று குறைந்தது."

இதையே ஒழுங்காக எழுதினால்:

"தீபாவளிக்கு முந்தைய 30 நாள் விற்பனை 22.6 லட்சம்; போன ஆண்டு 19.7 லட்சம். கூடுதல் விளம்பரச் செலவு போக 21,500 ரூபாய் மிஞ்சியது. மென்பட்டு தீர்ந்த மூன்று நாளில் சுமார் ஒரு லட்சம் விற்பனை தவறியது. தீபாவளி அன்றே விளம்பரத்தைக் குறைத்திருக்க வேண்டும். நாங்கள் குறைக்காததால் 25,500 ரூபாய் கைக்காசு போனது. இனிமேல் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பே குறைக்கத் தொடங்குவோம்."

இதில் புகழ்ச்சிப் பெயரடை எதுவும் இல்லை. யார் என்ன செய்தார்கள் என்பது இருக்கிறது. "நாங்கள் குறைக்காததால்" என்பதைச் செயப்பாட்டு வினையில் "குறைக்கப்படாததால்" என்று எழுதினால் யாருடைய வேலை என்பது மறைந்துவிடும். நியாயத்துக்கு இன்னொரு வரியும் சேர்க்கலாம்: அந்த 12 நாளில் விளம்பரம் பார்த்தவர்களில் சிலர் நவம்பரில் வாங்கக்கூடும், அப்படி வாங்கினால் பள்ளம் சுருங்கும், அடுத்த ரிப்போர்ட்டில் திருத்துவோம்.

அடுத்த மாதத் திட்டம்

திட்டம் என்ற பெயரில் பல ரிப்போர்ட்டுகளில் வருவது ஆசைப்பட்டியல். "சமூக ஊடக ஈடுபாட்டை அதிகரிப்போம், விளம்பரங்களை மேம்படுத்துவோம்." இதைச் செய்தார்களா இல்லையா என்று டிசம்பரில் யாரும் கேட்க முடியாது. கேட்க முடிகிற மாதிரி எழுதியதே திட்டம். அது விவரணையிலிருந்து நேராகப் பிறக்க வேண்டும். மேலே சொன்ன கோளாறு ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வேலை இருக்க வேண்டும்.

முதல் வேலை, பணம். நவம்பர் விளம்பரத்துக்கு 2.4 லட்சம், அக்டோபரில் போனதில் பாதிதான். அதில் 1.5 லட்சம் கல்யாணப் புடவைகளுக்கு. நவம்பர் நடுவில் கார்த்திகை பிறக்கிறது; டிசம்பர் நடுவில் மார்கழி வந்துவிட்டால் தைவரை முகூர்த்தம் இல்லை. கல்யாணத்துக்கு வாங்குகிறவர்களைப் பிடிக்க இருக்கும் காலம் இதுதான். மீதி 90,000 கூகுள் தேடலுக்கும், முன்பு வாங்கியவர்களுக்கு மறுபடி காட்டும் விளம்பரத்துக்கும். இதோடு ஒரு நிறுத்தக்கோடும் எழுத வேண்டும்: நவம்பர் 15 அன்று நூறு ரூபாய் விற்பனைக்குச் செலவு 30ஐத் தாண்டியிருந்தால் கல்யாண விளம்பரத்தைப் பாதியாக்குவோம். எப்போது நிறுத்துவது என்று முன்பே எழுதாததால்தான் அக்டோபரில் பணம் போனது.

எதிர்பார்ப்பு விற்பனை 9.5 முதல் 10.5 லட்சம் வரை. ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் எல்லையாகச் சொல்வது நல்லது. எதை வைத்து? 2024 நவம்பரில் விற்றது 9.2 லட்சம். இந்த இடத்தில் ஆங்கில மாதத்தை அப்படியே ஒப்பிடலாம், ஏனென்றால் இரண்டு நவம்பர்களும் முழுக்க தீபாவளிக்குப் பிந்தையவை. 2024இல் தீபாவளியின் மறுநாளே நவம்பர் பிறந்தது. இம்முறை 12 நாள் கழித்துப் பிறக்கிறது, மந்தத்தின் ஒரு பகுதி அக்டோபரிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் கொஞ்சம் கூடுதலாக எதிர்பார்க்கலாம்.

இரண்டாவது வேலை, திரும்பி வரும் பார்சல். 64 ரிட்டர்னில் 55, பொருள் வந்தபின் பணம் தரும் ஆர்டர்கள். அப்படி வந்த மொத்த ஆர்டர் 260. நூற்றுக்கு 21 திரும்புகிறது. போகவும் வரவும் கூரியர் காசு கடைக்காரர் தலையில். எனவே அப்படிப்பட்ட ஆர்டர்களுக்கு அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு உறுதிச் செய்தி. பதில் வராவிட்டால் ஒரு போன். அதற்கும் பதில் இல்லாவிட்டால் அனுப்ப வேண்டாம். செய்தி வரைவு ஏஜென்சியின் பொறுப்பு, நவம்பர் 8க்குள். போன் செய்வது கடையில் பேக்கிங் பார்ப்பவரின் பொறுப்பு. இலக்கு நூற்றுக்கு 15க்குக் கீழ். முடிவு டிசம்பர் நடுவில்தான் தெரியும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் டிசம்பர் 5 ரிப்போர்ட்டில் அரைகுறை எண்ணை வைத்து வெற்றி கொண்டாட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, சரக்கு. அதிகம் ஓடும் பத்துப் புடவைகளின் பட்டியல் ஏஜென்சி தரும். எதுவாவது ஐந்துக்குக் கீழே வந்தால் கடையிலிருந்து ஒரு செய்தி. அன்றே அந்த விளம்பரத்தில் வேறு புடவையை மாற்ற வேண்டியது ஏஜென்சி. இந்த வேலையில் கடைக்காரருக்கும் பங்கு இருக்கிறது, அதனால் அவரும் சரி என்று சொல்லியாக வேண்டும். அவரிடமிருந்து என்ன வேண்டும் என்பதைத் திட்டத்தில் தனி வரியாகப் போடாத ரிப்போர்ட்டுகளில், வேலை நடக்காதபோது இரு தரப்பும் மற்றவரைக் கைகாட்டும்.

மூன்று வேலைக்கு மேல் வேண்டாம். பத்து எழுதினால் நான்கு நடக்கும், எந்த நான்கு என்பது அதிர்ஷ்டம்.

எப்படி அடுக்குவது, எப்படிப் படிப்பது

எழுதும் வரிசை எண், ஒப்பீடு, காரணம், திட்டம் என்று போகும். படிக்கும் வரிசை வேறு. கடைக்காரர் முதல் பக்கத்தைத் தாண்டிப் படிக்காமல் போகலாம் என்று வைத்துக்கொண்டே அடுக்க வேண்டும். முதல் பக்கத்தில் மேலே சொன்ன ஆறேழு வரிச் சுருக்கம், கீழே திட்டத்தின் மூன்று வேலைகள். இரண்டாம் பக்கத்தில் போன மாதத் திட்டம்: என்ன சொன்னோம், செய்தோமா, பலன் என்ன. அதன்பின் ஒப்பீட்டு அட்டவணை, காரணங்கள். தளம் வாரியான எண்கள், ஒவ்வொரு விளம்பரத்தின் விவரம் எல்லாம் கடைசியில் இணைப்பாக. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை லைக் என்பவையும் அங்கேயே. ஆக மொத்தம் ஆறேழு பக்கம்; நாற்பது பக்கம் அனுப்பினால் யாரும் படிப்பதில்லை. சந்திப்புக்கு ஒரு நாள் முன்பே அனுப்பிவிட்டால், சந்திப்பில் எண்களை வாசித்துக்கொண்டிருக்காமல் திட்டத்தைப் பேசலாம்.

ரிப்போர்ட்டை வாங்கும் பக்கத்தில் இருப்பவர் கவனிக்க ஒன்று உண்டு. பல ஏஜென்சிகள் தங்கள் கட்டணத்தை விளம்பரச் செலவின் சதவீதமாக வாங்குகின்றன. செலவை 4.6 லட்சத்திலிருந்து 2.4 லட்சமாகக் குறைக்கச் சொல்லும் திட்டம், அந்த ஏஜென்சியின் நவம்பர் கட்டணத்தையும் கிட்டத்தட்டப் பாதியாக்கும். அதனாலேயே செலவைக் குறைக்கச் சொல்லும் திட்டம் எளிதில் எழுதப்படுவதில்லை. பன்னிரண்டு மாத ரிப்போர்ட்டுகளை எடுத்து வைத்துப் பாருங்கள். ஒரு மாதத்திலாவது "இதற்குச் செலவைக் குறையுங்கள்" என்ற வரி இல்லையென்றால், அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்: எங்கள் எல்லைக்கோடு எத்தனை, போன மாதம் எந்த வாரத்தில் அதைத் தாண்டினோம்?